ஒரு பாசியின் இரண்டு பாதி
ஓக் பாசி, அத்தர், தோல் ஒவ்வாமை பற்றி ஒரு விளக்கம்

கந்தளாயில் எங்கள் மாமாவின் அலுமாரியில் இரண்டு அத்தர் போத்தல்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே பெயர், ஒரே லேபல். ஒன்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் சவூதியில் வேலை செய்த காலத்தில் வாங்கி வந்தது. அடியில் கரும்பச்சையாய்க் கொஞ்சம் மிஞ்சிக் கிடக்கிறது. மற்றது சில வருடங்களுக்கு முன் மருமகன் கொண்டு வந்து கொடுத்தது. அதன் நிறம் வெளிறிய தேயிலைச் சாயம் போல. போன நோன்புப் பெருநாள் அன்று இரண்டையும் என் முன்னால் வைத்து, "மகன், பேரும் அதுதான், போத்தலும் அதுதான். ஆனா அந்த வாசம் இல்ல. இடையில எவனோ ஏமாத்துறான்" என்றார்.

மாமாவுக்கு இன்னொரு பிரச்சினையும் இருந்தது. காதுக்குப் பின்னாலும், தாடிக்குக் கீழே கழுத்திலும் பல வருடமாகச் சொறி. வரும், உரியும், கறுக்கும், போகும், திரும்ப வரும். சவர்க்காரத்தை மாற்றினார். தலைமயிருக்குப் போடும் எண்ணெயை மாற்றினார். தொப்பி கூட மாற்றினார். அத்தரை மட்டும் அவர் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை. "அதுல அல்ககோல் இல்லயே, அது என்ன செய்யப் போகுது?" என்பது அவருடைய நியாயம்.

நான் சில வருடங்கள் வளைகுடாவில் ஒரு வாசனைக் கலவைக் கூடத்தில் வேலை செய்தவன். மாமாவின் இரண்டு முறைப்பாடுகளும் ஒரே இடத்தில் இருந்து வருகின்றன என்பது அந்தப் பழைய போத்தலின் மூடியைத் திறந்து மணந்த உடனேயே எனக்கு விளங்கியது. அந்த வாசம் காணாமல் போனதற்கும், கழுத்துச் சொறிக்கும் காரணம் ஒரே பொருள். அதன் பெயர் ஓக் பாசி.

ஓக் பாசி என்பது என்ன?

பாசி என்று சொல்கிறோமே தவிர அது உண்மையில் பாசி அல்ல. நாம் பாடசாலையில் இலைக்கன் என்று படித்த வகை. ஒரு பங்கசும் ஓர் அல்காவும் ஒன்றாய்க் கூடி வாழும் உயிரி. ஐரோப்பாவில் ஓக் மரங்களின் பட்டையில் சின்ன மான்கொம்பு மாதிரி கிளைவிட்டு, சாம்பல் பச்சையில் வளர்கிறது. எவர்னியா புருனாஸ்ட்ரி என்பது அதன் விஞ்ஞானப் பெயர். பால்கன் நாடுகளின் காடுகளிலும் மொரோக்கோவிலும் கையால் பறித்து, உலர்த்தி, பிரான்சின் கிராஸ் நகருக்கு அனுப்புவார்கள். அங்கே எக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சும் மெழுகுப் பிசினை அல்ககோலில் கழுவி எடுப்பார்கள். கடைசியில் கிடைப்பது தார் போலக் கெட்டியான, கரும்பச்சைச் சாறு.

அதன் வாசனையைச் சொல்வதென்றால், மழை விட்ட பிறகு குளக்கட்டுப் பக்கம் ஈர மரப்பட்டையை முகர்ந்து பாருங்கள். அதோடு கொஞ்சம் மை, கொஞ்சம் தோல்பதனிட்ட வாடை, கடலோரத்து உப்பு. தனியாக மணந்தால் பலருக்கும் பிடிக்காது. ஆனால் ரோஜா, மல்லிகை, எலுமிச்சை வகை வாசனைகளுக்கு அடியில் கொஞ்சம் வைத்தால் அவை எல்லாம் ஒரு நிலத்தில் வேர்விட்ட மாதிரி நிற்கும். அதைவிட, சீக்கிரம் பறந்துவிடும் வாசனைகளைப் பிடித்து வைத்து மணிக்கணக்கில் மெதுவாக விடுகிற குணமும் அதற்கு உண்டு.

பிரெஞ்சு வாசனைக் கலையில் இரண்டு பெரிய குடும்பங்கள் இந்தப் பாசியில் ஊன்றி நிற்கின்றன. ஒன்று 1917இல் பிரான்சுவா கோட்டி வெளியிட்ட 'ஷீப்ர்' என்ற வாசனையின் வழி வந்தது. ஷீப்ர் என்றால் சைப்பிரஸ் தீவு, அரபியில் குப்ருஸ். மேலே பெர்கமொட் எலுமிச்சை, நடுவில் பூக்கள், அடியில் லப்டனம் பிசினும் ஓக் பாசியும் என்பது அதன் அமைப்பு. 1919இல் ஜாக் கெர்லேன் செய்த 'மிட்சுகோ' இந்தக் குடும்பத்தில் பேர் போனது. மற்றக் குடும்பம் லவண்டர், கூமரின், ஓக் பாசி மூன்றும் சேர்ந்தது. அதை நாம் பெயர் தெரியாமலேயே அறிவோம். சலூனில் முகம் வழித்த பிறகு தடவி விடுவார்களே, அந்த வாசனை அதுதான். வளைகுடா அத்தர்க் கடைகளில் 'பிரெஞ்சு மாதிரி' என்று விற்கிற எண்ணெய்களில் பெரும்பங்கு இந்த இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள். மாமாவின் போத்தலும் அதில் ஒன்று.

வாசமும் வருத்தமும் பிறக்கும் இடம்

பறித்த புதுப் பாசியில் வாசனை அதிகம் இல்லை. அதற்குள் அட்ரனோரின் என்றொரு பெரிய மூலக்கூறு இருக்கிறது. அது இரண்டு பாதிகளை ஓர் இணைப்பில் ஒட்டியது போன்றது. பாசியை ஈரமாக்கி, கரைப்பானில் ஊறவைத்து, அல்ககோலில் கழுவிச் சூடாக்கும்போது அந்த இணைப்பு உடைகிறது. அதுபோல வேறு மூலக்கூறுகளும் உடைகின்றன.

அட்ரனோரின் உடைந்து வரும் ஒரு பாதிதான் ஓக் பாசியின் முக்கிய வாசனைப் பொருள். அதன் நீண்ட இரசாயனப் பெயர் நமக்குத் தேவையில்லை. தொழிலில் அதைச் செயற்கையாகச் செய்து எவர்னில் என்றும் வெராமொஸ் என்றும் விற்கிறார்கள். மற்றப் பாதி இன்னொரு மாற்றத்துக்கு உட்பட்டு அட்ரனோல் ஆகிறது. அட்ரனோரினின் குளோரீன் சேர்ந்த சகோதரம் ஒன்றும் பாசியில் இருக்கிறது. அது உடைந்தால் குளோரோஅட்ரனோல். இந்த அட்ரனோலும் குளோரோஅட்ரனோலும்தான் தோலைக் கெடுப்பவை.

ஆக, மணமும் சொறியும் ஒரே மூலக்கூறின் இரண்டு பாதிகள். பாசியில் இருந்து வாசனையை எடுக்கிற அதே வேலைதான் ஒவ்வாமைப் பொருளையும் உண்டாக்குகிறது. பாசியைச் சுத்தமாய்ப் பறித்தோ, நல்ல தரமாய்த் தெரிந்தோ இதைத் தவிர்க்க முடியாது. அசல் சாறு என்றால் அதில் இரண்டும் இருக்கும்.

இது தோலில் என்ன செய்கிறது? சூடான மிளகாய்த்தூள் பட்டு எரிவது ஒரு வகை. அது எல்லோருக்கும் எரியும், கழுவினால் போகும். ஒவ்வாமை அப்படியல்ல. அட்ரனோல் மிகச் சிறிய மூலக்கூறு, தோலுக்குள் எளிதில் இறங்கும். இறங்கித் தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். உடலின் காவல் கலங்கள் அந்தப் புரதத்தை 'இது நம்முடையது இல்லை' என்று பதிந்து வைத்துக்கொள்ளும். இந்தப் பதிவு நடக்கும் காலத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. பல வருடம் ஒருவர் சந்தோஷமாய் அதே அத்தரைப் பூசுவார். ஒருநாள் பதிவு முழுமையாகிவிட்டால், அதற்குப் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் சொறி வரும். பூசிய உடனே வராது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து வரும். அதனால்தான் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பூசிய அத்தரை ஞாயிற்றுக்கிழமை வந்த சொறியோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. இந்தப் பதிவு பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அழியாது.

'மிகச் சிறிய அளவு' என்றால் எவ்வளவு? டென்மார்க்கைச் சேர்ந்த தோல் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள 13 பேரின் கையில் 10 இலட்சத்தில் 5 பங்கு குளோரோஅட்ரனோல் உள்ள கரைசலை நாள்தோறும் தடவச் சொன்னார்கள். இரண்டு வாரத்துக்குள் 12 பேருக்குச் சொறி வந்தது. பத்து இலட்சத்தில் 5 பங்கு என்றால் ஒரு லீற்றரில் கிட்டத்தட்ட ஐந்து மில்லிகிராம். வாசனைப் பொருட்களில் இவ்வளவு குறைவான அளவில் இவ்வளவு பேரைத் தாக்கும் வேறொன்றைக் காண்பது அரிது.

விதி எப்படி வந்தது?

இங்கே இரண்டு விதமான விதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று தொழில்காரர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொண்டது. சர்வதேச வாசனைப் பொருள் சங்கம், சுருக்கமாக இஃப்ரா, 1973இல் அமைந்தது. அது அரசாங்கம் அல்ல. ஆனால் பெரிய வாசனை நிறுவனங்கள் அதன் அங்கத்தவர்கள் என்பதால் அதன் அளவுகள் உலகச் சந்தை முழுக்கச் செல்லுபடியாகின்றன. தோலில் பூசும் வாசனையில் ஓக் பாசிச் சாறு நூற்றுக்கு 0.1க்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதன் விதி. பைன் மரங்களில் வளரும் இன்னொரு இலைக்கனும் சேர்ந்திருந்தால் இரண்டையும் கூட்டித்தான் அந்த 0.1. அந்தச் சாறுக்குள்ளேயும் அட்ரனோல், குளோரோஅட்ரனோல் ஒவ்வொன்றும் பத்து இலட்சத்தில் 100 பங்குக்கு மேல் போகக்கூடாது.

மற்றது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விஞ்ஞானக் குழு இந்த இரண்டு பொருட்களும் அழகுசாதனங்களில் இருக்கவே கூடாது என்று 2004இல் சொல்லி, 2012இல் மீண்டும் வலியுறுத்தியது. 2017 ஓகஸ்டில் தடைச் சட்டம் வந்தது. 2019 ஓகஸ்ட் 23 முதல் அவற்றைக் கொண்ட புதிய பொருளைச் சந்தைக்கு விட முடியாது. 2021 ஓகஸ்ட் 23 முதல் கடையில் மிஞ்சியதையும் விற்க முடியாது. கவனிக்க வேண்டியது, சட்டம் ஓக் பாசியைத் தடைசெய்யவில்லை. அதற்குள் பிறக்கும் அந்த இரண்டு பொருட்களைத்தான் தடைசெய்தது. நீக்கிவிட்டுப் பாசியைப் பாவிக்கலாம்.

கணக்குப் பார்த்தால் இந்த விதியின் நியாயம் புரியும். சாறுக்குள் பத்து இலட்சத்தில் 100 பங்கு குளோரோஅட்ரனோல், அந்தச் சாறு வாசனையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் தோலில் படுவது பத்து இலட்சத்தில் 0.1 பங்கு. ஆய்வில் 12 பேரைத் தாக்கிய அளவில் ஐம்பதில் ஒன்று.

அத்தருக்கு ஏன் கணக்கு வேறு?

இந்த 0.1 வீதம் என்பது தோலில் படும் முடிந்த பொருளுக்கான அளவு. கலவைக் கூடத்தில் நாங்கள் முதலில் செய்வது நீர்க்காத கலவை. அதை அல்ககோலில் கரைத்தால் 'ஸ்ப்ரே' வாசனை. கரைக்காமல் அப்படியே, அல்லது கொஞ்சம் எண்ணெயோடு சேர்த்து உருளைப் போத்தலில் நிரப்பினால் அத்தர். ஒரே கலவை இரண்டு வழியில் போகும்போது என்ன நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம்.

பழைய முறையில் ஒரு கிலோ கலவையில் 40 கிராம் ஓக் பாசிச் சாறு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நூற்றுக்கு 4. இந்தக் கலவையில் 15 பங்கை 85 பங்கு அல்ககோலில் கரைத்தால், முடிந்த வாசனையில் பாசி 0.6 வீதம். எல்லையைப் போல ஆறு மடங்கு. அதே கலவையை அப்படியே அத்தராக நிரப்பினால் பாசி 4 வீதம். எல்லையைப் போல நாற்பது மடங்கு.

மறுபக்கமாகப் பார்த்தால், ஸ்ப்ரேக்கு ஒரு கிலோ கலவையில் ஆறரைக் கிராம் பாசி வரை போடலாம். அத்தராக நிரப்புவதென்றால் ஒரே ஒரு கிராம். ஸ்ப்ரேக்குச் சரியென்று சான்றிதழ் வாங்கிய கலவை, அத்தர் போத்தலுக்குள் போகும்போது சரியில்லாமல் போகிறது. தொழிலில் நடக்கும் தவறுகளில் நான் அதிகம் கண்டது இதுதான். கலவை விற்பவர் 'இஃப்ரா சான்றிதழ் இருக்கு' என்பார். அந்தக் கடதாசியில் 'இத்தனை வீதத்துக்கு மேல் பாவிக்கக்கூடாது' என்றும் எழுதியிருக்கும். நிரப்புகிறவர் அந்த வரியை வாசிப்பதில்லை.

'அல்ககோல் இல்லை' என்ற சொல் மார்க்க விடயத்தில் ஒருவருக்கு மனநிம்மதி தரலாம். அது தனி விடயம். ஆனால் தோல் விடயத்தில் அதற்கு ஒரு பொருளும் இல்லை. அல்ககோல் ஆவியாகிப் போய்விடும். மாமாவின் கழுத்தில் இருந்தது நீர்க்காத கலவை. அது நாள் முழுக்க அங்கேயே இருந்தது.

பழைய சூத்திரத்தை எப்படித் திருத்துகிறார்கள்?

கலவையிலிருந்து 39 கிராமை எடுத்தால் அது 39 கிராம் வெற்றிடம் அல்ல. பாசி செய்த மூன்று வேலைகள் ஒன்றாக நின்றுவிடுகின்றன. ஈர மரப்பட்டை வாசம் போகிறது. மற்ற வாசனைகளைப் பிடித்து வைக்கும் பலம் போகிறது. கரும்பச்சை நிறமும் கெட்டித்தன்மையும் போகின்றன. அதனால் ஒரே பொருளால் நிரப்ப முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆளை வைக்க வேண்டும்.

முதல் ஆள் திருத்திய பாசிச் சாறு. அட்ரனோல் ஓர் அல்டிகைட்டு. அமினோ அமிலங்களோடு சேர்ந்தால் அது வேறு பொருளாக மாறிவிடும். இந்தக் குணத்தைக் கொண்டு ஒவ்வாமை குறைந்த பாசிச் சாறு செய்யும் முறையைத் தொழில் இரசாயனவியலாளர்கள் 1990களின் தொடக்கத்திலேயே வெளியிட்டார்கள். வெற்றிடத்தில் வடித்துப் பிரிப்பது, பிசின் துணிக்கைகளில் ஒட்டவைத்து நீக்குவது என்று வேறு முறைகளும் உண்டு. எதைச் செய்தாலும் கொஞ்சம் வாசமும் சேர்ந்து போகும். மை வாடையும் தோல்பதனிட்ட ஆழமும் மெலிந்துவிடும். எல்லைக்குள் உள்ள அந்த ஒரு கிராமை இந்தத் திருத்திய சாறாகப் போடுவோம்.

இரண்டாம் ஆள் எவர்னில். நான் சொன்ன அந்த நல்ல பாதி. ஆலையில் தனியாகச் செய்யப்படுவதால் அதோடு அட்ரனோல் வருவதில்லை. வெள்ளைத் தூள். ஒரு கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் போட்டால் பாசி வாசம் தெளிவாக நிற்கும், மணிக்கணக்கில் நீடிக்கும். ஆனால் அது ஒற்றைக் குரல். அசல் சாற்றில் இருந்த நூறு சின்னக் குரல்கள் அதில் இல்லை. அதிகம் போட்டால் மாப்பூச்சு மாதிரி வறண்டு போகும்.

மூன்றாவது, சுற்றியுள்ளவர்களின் பங்கைக் கூட்டுவது. பச்சோலி எண்ணெய் மண் வாசத்தைத் தரும். வெட்டிவேர் எண்ணெய் ஈர வேரின் வாசத்தையும் நீடிக்கும் பலத்தையும் தரும். லப்டனம் பிசின் கெட்டித்தன்மையைத் தரும். கடற்பாசிச் சாறு ஒரு துளி சேர்த்தால் அந்த உப்பு வாடை திரும்பி வரும். ஆனால் ஒரு துளி கூடிவிட்டால் கருவாட்டு வாசம் வந்துவிடும்.

இதையெல்லாம் கிலோக்கணக்கில் செய்து பார்ப்பதில்லை. பத்துக் கிராம் சாடிகளில், ஒவ்வொரு தடவையும் ஒரு பொருளின் அளவை மட்டும் மாற்றிச் செய்வோம். கலந்து குறைந்தது இரண்டு வாரம் இருட்டில் வைப்போம். பிறகு பழையதையும் புதியதையும் கடதாசிக் கீற்றில் தோய்த்து, பத்து நிமிடம், நாலு மணித்தியாலம், மறுநாள் என்று மூன்று தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்து மணப்போம். பெரும்பாலான திருத்தங்கள் பத்து நிமிடத்தில் தேறும், நாலாவது மணித்தியாலத்தில் தோற்கும். பாசி நின்ற இடம் அதுதான்.

அத்தரில் இன்னொரு பொறியும் உண்டு. எவர்னில் எண்ணெயில் எளிதில் கரையாது. நாங்கள் ஒரு தடவை சூடாக்கிக் கரைத்து, தெளிவாக இருக்கிறது என்று போத்தல்களில் நிரப்பினோம். குளிரூட்டிய களஞ்சியத்தில் சில வாரம் கிடந்த பிறகு பார்த்தால் போத்தலின் அடியில் ஊசி ஊசியாய்ப் பளிங்குகள். மேலே நின்ற எண்ணெயில் பாசி வாசமே இல்லை. அதன் பிறகு எவர்னிலை முதலில் பொருத்தமான கரைப்பானில் கரைத்து, கலவையைக் குளிரில் ஒரு வாரம் வைத்துப் பளிங்கு கட்டுகிறதா என்று பார்த்த பிறகே நிரப்பினோம். உங்கள் அத்தர் போத்தலின் அடியில் வெள்ளைப் பளிங்கு கண்டால் அதைக் கலப்படம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இப்படியொரு காரணமும் இருக்கலாம்.

மிட்சுகோவின் கதையும் இதுதான். விதிகள் இறுகிய காலத்தில் அதன் சூத்திரம் திருத்தப்பட்டது. பழைய வாடிக்கையாளர்கள் மாமாவைப் போலவே முறைப்பட்டார்கள். பிறகு ஒவ்வாமைப் பொருள் நீக்கிய ஓக் பாசியைக் கொண்டு மீண்டும் திருத்தினார்கள். பழைய வாசனைக்கு நெருங்கி வந்தது, ஆனால் அதேதான் என்று சொல்ல முடியாது. ஆகவே மாமாவை இடையில் எவனும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. அவருடைய புதிய போத்தலில் நான் மணந்தது எவர்னிலும் பச்சோலியும். யாரோ ஒருவர் கஷ்டப்பட்டுத்தான் அதைத் திருத்தியிருக்கிறார்.

'இயற்கை' அத்தர் தப்புமா?

'அப்ப நான் இந்திய அத்தருக்கே போறன், அது மூலிகை' என்றார் மாமா. இங்கேயும் நிதானம் வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் செம்புப் பானைகளில் வடிக்கும் ஷமாமா அத்தரில் சாரிலா என்றொரு பொருள் முக்கியமானது. அது வேறொன்றும் இல்லை, தமிழ்நாட்டில் இறைச்சிக் கறிக்கும் பிரியாணிக்கும் போடும் கல்பாசி. அதுவும் இலைக்கன்தான். இந்த வகை இலைக்கன்களில் அட்ரனோரின் இருப்பது நன்கு அறிந்த விடயம். அதைத் தண்ணீரோடு மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால் அந்த இணைப்பு உடைவதற்கான சூழல் அங்கேயும் இருக்கிறது. இஃப்ராவின் ஓக் பாசி விதி கல்பாசியைப் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்தவில்லை. தோலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. கல்பாசியைச் சமைத்துச் சாப்பிடுவது பற்றி இங்கே பேச்சில்லை. தோலில் பூசி வைப்பது பற்றித்தான் பேச்சு.

திருத்திய ஓக் பாசிக்கும் ஓர் எல்லை உண்டு. புதிதாக யாருக்கும் ஒவ்வாமை பதியாமல் தடுப்பதற்கு அது உதவும். ஆனால் ஏற்கெனவே பதிந்துவிட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, குறைக்கப்பட்ட சாற்றிலும் சொறி வந்ததை மருத்துவப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. அவர்களுக்கு 'குறைந்தது' போதாது.

எப்படிக் கண்டுகொள்வது?

சொறி எங்கே வருகிறது என்று முதலில் பாருங்கள். அத்தர் பூசும் இடங்களான காதுப் பின்புறம், கழுத்தின் இரண்டு பக்கம், மணிக்கட்டின் உட்புறம், தாடிக்குக் கீழ் என்று வந்தால் சந்தேகிக்கலாம். இரண்டு வாரம் அத்தரை முற்றாக நிறுத்திப் பாருங்கள். ஆறிய பிறகு, அதே அத்தரை முழங்கையின் உட்புற மடிப்பில் ஒரு சிறு காசளவு இடத்தில் மட்டும், காலையும் மாலையும் ஒரு வாரம், தேவையென்றால் இரண்டு வாரம் தடவுங்கள். சிவந்து, அரித்து, சின்னப் பருக்கள் வந்தால் உடனே நிறுத்திவிடலாம். கையில் விடை இருக்கிறது.

எந்தப் பொருள் என்று அறிய வைத்தியர் ஒட்டுப் பரிசோதனை செய்வார். முதுகில் சின்னச் சின்னக் கிண்ணங்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்துக் கழற்றிப் பார்த்து, மறுபடியும் ஒன்றிரண்டு நாள் கழித்துப் பார்ப்பார். உலகெங்கும் பாவிக்கும் முதலாவது வாசனைக் கலவைக் கிண்ணத்தில் எட்டுப் பொருட்கள் இருக்கும். அதில் ஒன்று ஓக் பாசிச் சாறு. மாமாவைக் கொழும்பில் ஒரு தோல் வைத்தியரிடம் கூட்டிப் போனோம். அந்தக் கலவைக்கு முதுகு சிவந்தது. பிறகு எட்டையும் தனித்தனியாக வைத்ததில் சிவந்தது ஓக் பாசி மட்டும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். இது நீர்க்காத கலவையா, எத்தனை வீதம்? கலவையின் சான்றிதழில் தோலுக்கு எத்தனை வீதம் வரை என்று எழுதியிருக்கிறது? இரண்டாவது எண் முதலாவதை விடச் சிறியதாக இருந்தால் அந்த அத்தர் தோலுக்கு உரியதல்ல. இரண்டுக்கும் பதில் இல்லாத போத்தலைத் தோலில் பூசாமல் உடுப்பில் பூசுவது பாதுகாப்பு. அதுவும் கழுத்தில் உரசாத இடத்தில்.

மாமா இப்போது அத்தரை ஜுப்பாவின் வெளிப்புறக் கீழ் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொள்கிறார். கழுத்து ஆறிவிட்டது, கறுத்த அடையாளம் மட்டும் மங்கலாய் இருக்கிறது. பழைய போத்தலை வீசச் சொன்னேன். வீசவில்லை. மூடியை இறுக்கிப் பூட்டி, மெழுகு உருக்கி ஊற்றி அலுமாரியில் வைத்திருக்கிறார். "பூசமாட்டன் மகன், சும்மா கிடக்கட்டும். பேரப்புள்ள ஒருநாள் கேட்டா, அந்தக் காலத்து வாசம் இதுதான் எண்டு தூர வெச்சி மணக்கக் குடுப்பன்" என்றார்.